கேம்பர்டவுனில் கண்டெடுத்த ஒரு கண் தாவல்

செவன் ஹில்ஸ் ஸ்டேஷன் பிளாட்ஃபாரத்தில் நின்று, மெதுவாக வந்து நிற்கும் ரயிலின் கதவு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் கண்கள் அந்தக் கதவோடு வழுக்கிக்கொண்டே போகும். அதே ஸ்டேஷனை நிற்காமல் கடக்கும் ப்ளூ மவுன்டன்ஸ் ரயிலில் அதையே செய்ய முயன்றால் கண்கள் தோற்றுப்போகும். ஜன்னல் முந்திக்கொண்டு ஓட, கண் பின்தங்கி, ஒரு வெட்டில் தாவிப் பிடித்து, மறுபடி பின்தங்கும். வழுக்குவது ஒரு வகை அசைவு. தாவுவது வேறு வகை, அதை மருத்துவர்கள் சக்கேட் என்பார்கள். மூளையில் இரண்டுக்கும் வழிகள் வேறு. இதே ரயில் பாதை சிட்னி நகரை எட்டும் இடத்துக்கு அருகே, கேம்பர்டவுனில், ராயல் பிரின்ஸ் ஆல்ஃப்ரட் மருத்துவமனை இருக்கிறது. 1988இல் அங்கிருந்துதான் ஒரு சின்னத் தாவல் உலகம் முழுவதும் பயணம் புறப்பட்டது.

அந்தத் தாவல் புதிதாகப் பிறந்ததல்ல. காதின் சமநிலை நரம்பு பழுதான எல்லோரிடமும் அது எப்போதும் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பொருள் கொடுத்தவர்கள் நரம்பியல் மருத்துவர் மைக்கேல் ஹல்மாகியும், சிட்னி பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வாளர் இயன் கர்த்தாய்ஸும். மருத்துவக் காரணங்களுக்காக ஒரு பக்கச் சமநிலை நரம்பை அறுவையில் வெட்டியிருந்த நோயாளிகளை அவர்கள் சோதித்தார்கள். எந்தப் பக்கம் செத்திருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லாத ஆட்கள். ஒரு சோதனையை நம்பலாமா என்று பார்க்க இதைவிடச் சரியான கூட்டம் கிடைக்காது.

செய்முறைக்குக் கருவி எதுவும் வேண்டாம். நோயாளியை எதிரே உட்காரவைத்து, “என் மூக்கையே பாருங்கள்” என்று மருத்துவர் சொல்வார். இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்து, எந்தப் பக்கம் திருப்பப்போகிறோம் என்று காட்டிக்கொடுக்காமல், சடக்கென்று 10, 15 டிகிரி மட்டும் திருப்புவார். காது நன்றாக இருந்தால் நோயாளியின் கண்கள் மூக்கைவிட்டு நகராது. வலது நரம்பு செத்திருந்து தலையை வலதுபக்கம் திருப்பினால், கண்களும் தலையோடு சேர்ந்து வலப்பக்கம் போய்விடும். ஒரு கணம் கழித்து இடப்பக்கமாக ஒரு தாவல் தாவி மூக்குக்குத் திரும்பும். எதிரே இருப்பவர் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். கழுத்தில் அடிபட்டவருக்கு மட்டும் இதைச் செய்யக்கூடாது.

திருப்புவது ஏன் அத்தனை வேகமாக இருக்க வேண்டும்? மெதுவாகத் திருப்பினால் பிளாட்ஃபாரத்தில் ரயில் கதவைத் தொடர்ந்த அந்த வழுக்கும் அசைவே காதின் வேலையையும் சேர்த்துச் செய்துவிடும், பழுது மறைந்துபோகும். தொடரும் அசைவின் பாதை நீளமானது. பொருள் நகர்வதை மூளையின் பின்பக்கத்தில், பார்வைப் பகுதியை ஒட்டியுள்ள எம்டி, எம்எஸ்டி என்ற பகுதிகள் கண்டுகொள்ளும். அங்கிருந்து செய்தி மூளைத்தண்டின் பான்ஸுக்கு இறங்கி, சிறுமூளையின் ஃப்ளாக்குலஸ் என்ற மடலைச் சுற்றிக்கொண்டுதான் கண் தசைகளுக்கு வரும். இத்தனை தூரம் சுற்றுவதால் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம். விநாடிக்குச் சில பத்து டிகிரி வேகத்தைத் தாண்டினால் அதற்கு மூச்சு வாங்கும். மருத்துவரின் கைகள் தலையைத் திருப்புவதோ விநாடிக்கு 150, 200 டிகிரி வேகத்தில். அந்த வேகத்தில் பார்வையைக் காப்பாற்றக்கூடியது காதிலிருந்து வரும் அனிச்சை மட்டுமே. உள்காதின் அரைவட்டக் குழல், மூளைத்தண்டின் சமநிலைக் கரு, கண் தசையின் நரம்பு என்று மூன்றே கண்ணிகள். 10 மில்லிசெகண்டுக்குள் கண் நகர ஆரம்பித்துவிடும்.

அனிச்சை கைவிட்டதும் ஓடிவருவதுதான் நம் தாவல். அது வந்த வழியைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் இந்த வழியில் எந்த இடம் உடைந்தாலும் கண் வேறு விதமாகக் காட்டிக்கொடுக்கும். இடப்பக்கம் தாவ வேண்டுமென்றால் உத்தரவின் பெரும்பங்கு வலது மூளையில் பிறக்கிறது. நெற்றிமடலின் கண் புலத்திலிருந்தும் உச்சிப் பக்கமுள்ள பரைட்டல் மடலிலிருந்தும் அது நடுமூளையின் மேற்குன்றுக்கு வரும். பிறகு மறுபக்கம் கடந்து, இடது பான்ஸில் நடுக்கோட்டை ஒட்டிய வலைப்பகுதிக்குப் போகும். அங்கே உள்ள வெடிப்பு நியூரான்கள் சாதாரணமாக மௌனமாக இருக்கும். அவற்றின் வாயைப் பொத்திவைத்திருக்கும் நிறுத்த நியூரான்கள் ஒரு கணம் ஓய்ந்ததும், இவை ஒரே மூச்சில் சரமாரியாகத் துடிக்கும். அந்தத் துடிப்பு இடது கண்ணை வெளிப்புறமாக இழுக்கும் ஆறாம் நரம்பின் கருவை எட்டும். அதே கருவிலிருந்து எம்எல்எஃப் என்ற மெல்லிய நார்க்கட்டு மறுபக்கம் ஏறி, வலது கண்ணை மூக்குப் பக்கம் இழுக்கும் தசைக்குச் செய்தி சொல்லும். 10 டிகிரித் தாவல் 50 மில்லிசெகண்டுக்குள் முடிந்துவிடும். முடிந்தபின் கண் பழைய இடத்துக்குச் சரிந்துவிடாமல் பிடித்துவைக்க இன்னொரு கூட்டம் நியூரான்கள் வேண்டும்.

வலது நெற்றிமடலில் பக்கவாதம் வந்தால் இரு கண்களும் வலப்பக்கமே சாய்ந்து நிற்கும். இடப்பக்கம் பாருங்கள் என்றால் முடியாது. ஆனால் தலையைத் திருப்பினால் அனிச்சை அவற்றை நடுக்கோட்டைத் தாண்டி இடப்பக்கம் கொண்டுபோகும். கீழே உள்ள கம்பிகள் சரி, மேலே உத்தரவு இல்லை என்று அதற்கு அர்த்தம். பெரும்பாலும் சில நாட்களில் இது தெளிந்துவிடும், மற்றப் பாதைகள் பொறுப்பேற்றுக்கொள்ளும். இடது ஆறாம் நரம்பின் கருவே அழிந்தால் இந்தச் சலுகை கிடையாது. உத்தரவானாலும் அனிச்சையானாலும் இரு கண்களும் இடப்பக்கம் போகாது. வலப்பக்க எம்எல்எஃப் அறுந்தால், இடப்பக்கம் பார்க்கும்போது இடது கண் மட்டும் போய் வலது கண் பின்தங்கும். இளவயதில் இதற்குப் பெரும்பாலும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும், முதுமையில் பக்கவாதமும் காரணம்.

வெடிப்பு நியூரான்களே தேய்ந்தால் என்ன ஆகும் என்பதை நம் நாட்டில் கண்டுசொன்னவர் பம்பாயின் நோஷிர் வாடியா. 1971இல் அவரும் ஆர்.கே.சுவாமியும் ஒன்பது குடும்பங்களில் பரம்பரையாக வந்த ஒரு சிறுமூளைத் தேய்வை விவரித்தார்கள். அந்த நோயாளிகளின் கண்கள் தாவுவதில்லை, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஊர்ந்து போகும். பிற்காலத்தில் எஸ்சிஏ2 என்று பெயர் பெற்ற நோயோடு அந்தக் குடும்பங்கள் சேர்த்துப் பேசப்படுகின்றன. கண்ணசைவை மட்டும் உன்னிப்பாகப் பார்த்து ஒரு நோயைத் தனியே பிரித்தெடுத்த அந்தப் பார்வை என்னை இன்றும் வியக்கவைக்கிறது.

சிட்னித் தாவலுக்கு ஒரு தலைமறைவு வாழ்க்கையும் உண்டு. நரம்பு செத்திருப்பது உறுதி, ஆனாலும் தலையைத் திருப்பினால் எதிரே இருப்பவருக்குத் தாவல் எதுவும் தெரியவில்லை என்று சில நோயாளிகள் இருந்தார்கள். கண்ணில் மெல்லிய கம்பிச்சுருள் பதித்த லென்ஸை மாட்டி, காந்தப்புலத்துக்கு நடுவே உட்காரவைத்து அளந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. தலை இன்னும் திரும்பிக்கொண்டிருக்கும்போதே தாவல் நடந்து முடிந்துவிடுகிறது. தலை நிற்கும்போது கண் ஏற்கெனவே மூக்கின்மேல் இருக்கிறது. கான்ராட் வெபரும் ஹல்மாகியின் குழுவினரும் 2008இல் இந்த மறைவுத் தாவல்களை விரிவாக எழுதினார்கள். கண்ணால் பார்த்த பிழையைத் திருத்தத் தாவல் கிளம்புவதற்கு வழக்கமாக 200 மில்லிசெகண்ட் ஆகும். இவை அதற்கு வெகு முன்பே கிளம்புவதால், பார்த்த பிழையை மட்டும் நம்பிப் பிறந்தவை அல்ல.

கம்பிச்சுருள் லென்ஸை எல்லா நோயாளிக்கும் மாட்ட முடியாது. 2009இல் ஹாமிஷ் மெக்டூகலும் சிட்னிக் குழுவினரும் ஒரு கண்ணாடியைச் சோதித்துக் காட்டினார்கள். இறுக்கமாகத் தலையில் பொருந்தும் சட்டம், அதில் விநாடிக்கு 250 படம் எடுக்கும் சிறு கேமரா, தலையின் வேகத்தை அளக்கும் உணரி, அவ்வளவுதான். கண்ணின் வேகத்தைத் தலையின் வேகத்தால் வகுத்தால் நல்ல காதுக்கு 1 அருகே வரும். 0.8க்குக் கீழே போனால் சந்தேகம். மறைந்திருந்த தாவலும் திரையில் கூர்மையான முள்ளாகத் தெரியும். சட்டம் தளர்ந்து வழுக்கினால் அந்த எண் கெட்டுவிடும், ஆகவே எண்ணோடு கோட்டையும் பார்க்க வேண்டும்.

அதே 2009இல் தாவல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழைந்தது, அங்கே அதன் மதிப்பும் மாறியது. சர்க்கரையும் பிரஷரும் உள்ள அறுபது வயதுக்காரர் ஒருவர் காலையில் எழும்போதே தலைசுற்றலோடு எழுந்து, வாந்தி எடுத்தபடி ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கண்கள் ஓயாமல் துடிக்கின்றன, வேகமான வெட்டு இடப்பக்கம். தலையை வலப்பக்கம் திருப்பும்போது மட்டும் தாவல் தெரிகிறது. எந்தப் பக்கம் பார்த்தாலும் துடிப்பின் திசை மாறவில்லை. ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடித் திறந்தால் கண் மேலும் கீழும் குதிக்கவில்லை. அப்படியானால் வலது சமநிலை நரம்பின் அழற்சி என்று சொல்லலாம். ஆள் படும் பாட்டுக்கு உயிராபத்து குறைவு. இதே ஆளுக்கு இரண்டு பக்கமும் தாவல் எதுவும் இல்லை என்றால்தான் பயப்பட வேண்டும். காது நரம்பு நன்றாக இருக்கிறது, சுற்றல் வேறெங்கிருந்தோ வருகிறது, பெரும்பாலும் சிறுமூளையில் இரத்தம் தடைப்பட்டிருக்கிறது. தாவல் இருப்பது ஆறுதல், இல்லாதது எச்சரிக்கை.

அமெரிக்காவில் ஹோர்ஹே கட்டா, டேவிட் நியூமன்-டோக்கர் குழுவினர் 101 நோயாளிகளிடம் இந்த மூன்று சோதனைகளைச் சேர்த்துச் செய்து பார்த்து, ஹின்ட்ஸ் என்று பெயரிட்டார்கள். ஆரம்ப மணிநேரங்களின் எம்ஆர்ஐ சில பக்கவாதங்களைத் தவறவிட்ட இடத்தில், பழகிய கைகள் செய்த கண் சோதனை அவற்றைப் பிடித்தது. ஆனால் நிபந்தனை கடுமையானது. சுற்றல் இன்னும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், கண் துடிக்க வேண்டும். சுற்றல் நின்று நலமாக உட்கார்ந்திருப்பவருக்கு இதைச் செய்தால் தாவல் இராது, வீணாகப் பக்கவாதம் என்று பயமுறுத்திவிடும். இன்னொரு பொறியும் உண்டு. சிறுமூளையின் முன் கீழ்த் தமனி அடைபட்டால், அதன் கிளையே உள்காதுக்கும் இரத்தம் கொடுப்பதால், பக்கவாதத்திலும் தாவல் தெரியும். புதிதாக ஒரு காது கேட்காமல் போயிருக்கிறதா என்று கேட்டுவிட்டால் அந்தப் பொறியிலிருந்து பெரும்பாலும் தப்பலாம்.

2016இல் மெக்டூகல் குழுவினர் சோதனையைத் தலைகீழாக்கினார்கள். பார்க்க வேண்டிய புள்ளி சுவரில் நிலையாக இல்லை. கண்ணாடியில் பொருத்திய லேசரிலிருந்து வந்து, தலையோடு கூடவே நகர்கிறது. இப்போது நல்ல காதுக்காரருக்குத்தான் தொல்லை. அனிச்சை கண்ணை எதிர்ப்பக்கம் தள்ளிவிட, ஓடிப்போன புள்ளியைப் பிடிக்க அவர் பெரிய தாவல் தாவ வேண்டும். நரம்பு முழுதும் செத்தவரின் கண்கள் தலையோடும் புள்ளியோடும் சேர்ந்தே போய்விடுவதால் தாவ வேண்டியதே இல்லை. கொஞ்சம் உயிர் மிச்சமிருப்பவரிடம் சிறிய தாவல் தெரியும். ஆகவே காது எவ்வளவு இழந்தது என்பதை முதல் சோதனையும், எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை இதுவும் காட்டுகின்றன.