பிளாக்ஸ்பாட் மாயமான ஜூலை

2006 ஜூலை 11-ல் மும்பை ரயில்களில் குண்டு வெடிச்சது. அடுத்த சில நாளில் நம்ம பிளாக்ஸ்பாட் பதிவுகள் பலருக்குத் திறக்கலை, ஞாபகம் இருக்கா மக்களே? தொலைத்தொடர்புத் துறை தடுக்கச் சொன்னது இருபதுக்கும் குறைவான தளங்களைத்தான். ஆனா பிளாக்ஸ்பாட்டில் ஆயிரக்கணக்கான பதிவுகள் ஒரே ஐபி முகவரியில் கூட்டுக்குடித்தனம். முகவரியை அடைச்சா எல்லாமே போச்சு. ஒரே ஒரு பயணியைப் பிடிக்க எங்க கயத்தாறு டோல்கேட்டில் மதுரை பஸ்ஸையே நிறுத்தி வச்ச மாதிரி!

உத்தரவு ஒண்ணுதான். ஆனா ஒவ்வொரு இணைய நிறுவனமும் தன் தன் ரவுட்டரில் தன் இஷ்டத்துக்கு அடைச்சது. அதனாலதான் ஒருத்தருக்குத் திறந்த பதிவு பக்கத்து வீட்டுக்காரருக்குத் திறக்கலை.

இப்படி ஒரு தளம் திறக்கலைன்னா, எவ்வளவு நேரம் சுத்துதுன்னுதான் நான் முதலில் பார்ப்பேன். பாக்கெட்டைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டா, பிரவுசர் காத்துக் கிடந்து `timed out` என்னும். சீனாவில் செய்ற மாதிரி, சர்வர் பெயரில் போலி ரீசெட் அனுப்பினா உடனே `connection reset`. அந்தப் போலி கொஞ்சம் தாமதிச்சா நிஜப் பக்கம் முந்திக்கும். ரெஃப்ரெஷ் பண்ணப் பண்ண எப்பவாவது திறக்கிறது இதனாலதான்.