ஒரே செவிலியர், இரண்டு பரிந்துரைகள்

தனியார் மருத்துவமனை ஒன்றின் பொது மருத்துவ வார்டு. அங்கே ஸ்டாஃப் நர்ஸாக இருக்கும் ஒருவர் வார்டு இன்சார்ஜ் பதவிக்கு விண்ணப்பிக்கிறார். அவரோடு பணியாற்றும் இரண்டு மூத்த சிஸ்டர்கள் ஆளுக்கொரு பரிந்துரை எழுதுகிறார்கள். அதைப் படிக்கப்போகும் குழுவில் நர்சிங் சூப்பரின்டென்டென்ட், தரப் பிரிவு மேலாளர், மனிதவள அலுவலர், வேறு துறை மருத்துவர் என நான்கு பேர். சூப்பரின்டென்டென்டைத் தவிர மற்ற மூவரும் இந்தச் செவிலியர் வேலை செய்வதைப் பார்த்தவர்கள் அல்லர். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நானே அமைத்த இணை இது. ஆனாலும் பதவி உயர்வுக் குழுவில் உட்கார்ந்த யாரும் இந்த இரண்டு வகைக் கடிதங்களையும் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

முதல் கடிதத்தின் மையம் ஓர் இரவு. அதிகாலை 2 மணிக்கு ஒரு நோயாளியின் இதயத்துடிப்பு நின்றுவிடுகிறது. இவர் கட்டிலருகே ஓடி உடனே மார்பை அழுத்தத் தொடங்குகிறார், கோட் ப்ளூ அறிவிக்கச் சொல்கிறார், கிராஷ் கார்ட் வந்து சேர்வதற்குள் ஐ.வி. லைனையும் தயார்செய்ய வைக்கிறார். டூட்டி மருத்துவர் வந்து ஷாக் கொடுக்க, நோயாளி பிழைக்கிறார். மறுநாள் குடும்பத்தார் கைகூப்பி நன்றி சொன்னது வரை கடிதத்தில் இருக்கிறது.

இரண்டாவது கடிதம் காலை உணவைப் பற்றியது. வார்டில் இன்சுலின் போடப்படும் நோயாளிகள் சிலருக்கு முற்பகலில் சர்க்கரை தாழ்ந்துகொண்டே இருந்தது. இரண்டு வாரத்தில் நான்கு பேர். இரவு டூட்டி சிஸ்டர்கள் கைமாற்றுக்கு முன்பே வேலையை முடித்துவிட வேண்டும் என்று 6:30-க்குச் சர்க்கரை பார்த்து, 7:15-க்குள் ஊசியும் போட்டுவிடுவார்கள். உணவு வண்டியோ முதலில் எதிர்ப் பகுதிக்குப் போய்விட்டு இங்கே வர 8:30 ஆகும். உணவுக்கு அரை மணி முன்பு போட வேண்டிய ரெகுலர் இன்சுலின் ஒன்றே கால் மணி முன்பே உடம்புக்குள் போய்விடுகிறது. இந்தச் செவிலியர் ஒரு வாரம் உணவு வண்டி வரும் நேரத்தைக் குறித்து வைத்தார். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு டயட் கிச்சனுக்கும் மருத்துவரிடமும் போனார். பேசி முடித்ததில், கிச்சனிலிருந்து வண்டி கிளம்பும்போது ஒரு போன் வரும், அதன் பிறகுதான் சர்க்கரை பார்த்து ஊசி போடுவது என்றும், அது காலை டூட்டியின் வேலை என்றும் ஏற்பாடாயிற்று.

இரண்டு கடிதங்களிலும் நிகழ்ச்சி இருக்கிறது, நேரம் இருக்கிறது, செயல் இருக்கிறது. ‘கடின உழைப்பாளி’, ‘பொறுப்பானவர்’ என்று பெயரடைகளை அடுக்கும் கடிதங்கள் அல்ல இவை. ஆகவே தெளிவான உதாரணம் சொன்னால் போதும் என்ற வழக்கமான அறிவுரை இங்கே உதவாது. எந்த உதாரணத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில்தான் வேறுபாடு.

முதல் கடிதத்தைப் படிக்கும் சூப்பரின்டென்டென்ட் மனதுக்குள் கேட்கும் கேள்வி இதுதான்: இதை நம் நர்ஸ்கள் எல்லோரும் செய்ய வேண்டியதுதானே? உயிர்காக்கும் அடிப்படைப் பயிற்சி கொடுப்பதே அதற்காகத்தான். நோயாளி பிழைத்ததில் மருத்துவருக்கும், கிராஷ் கார்டைத் தள்ளிவந்தவருக்கும், அன்றைய சூழ்நிலைக்கும் பங்கு உண்டு. நோயாளி இறந்திருந்தாலும் செவிலியரின் செயலில் குறை ஏதும் இருந்திருக்காது. அப்படியென்றால் முடிவை வைத்து அவர் திறமையை அளக்க முடியாது. இவர் மிக நல்ல ஸ்டாஃப் நர்ஸ் என்பதை அந்தக் கடிதம் உறுதியாக நிறுவுகிறது. குழுவின் முன் இருக்கும் கேள்வியோ அவர் நல்ல இன்சார்ஜாக இருப்பாரா என்பது.

இன்சார்ஜின் வேலை நாள் வேறு மாதிரியானது. டூட்டி ரோஸ்டர் போடுவது, மருந்துக்கும் பொருளுக்கும் இன்டென்ட் அனுப்புவது, கைமாற்றில் விஷயம் விட்டுப்போகாமல் பார்ப்பது, மருந்தகம், சமையலறை, ஆய்வகம் ஆகியவற்றோடு ஓயாமல் பேசுவது, ஒரே தவறு திரும்பத் திரும்ப வந்தால் காரணத்தைத் தேடுவது. இரண்டாவது கடிதத்தின் உதாரணம் இந்த வேலைகளில் மூன்றை அவர் பதவி இல்லாமலேயே செய்து காட்டியிருக்கிறார் என்று சொல்கிறது. பதவியின் பணிப்பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு நிகழ்ச்சிகளைத் தேடினால் இப்படிப்பட்டவை கிடைக்கும். மனதில் முதலில் வந்து நிற்பதை எழுதினால் கோட் ப்ளூதான் வரும். ஏனென்றால் பரபரப்பானதும் அண்மையில் நடந்ததும்தான் நினைவில் ஒட்டிக்கொள்கின்றன.

நிகழ்ச்சிகளை வைத்து ஒருவரின் வேலையை மதிப்பிடும் இந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவ விமானப் படைக்காக ஜான் ஃபிளானகன் என்ற உளவியலாளர் ஆய்வுகள் நடத்தினார். பயிற்சியிலிருந்து விலக்கப்பட்ட விமானிகளைப் பற்றிய குறிப்புகளில் ‘பறக்கும் இயல்பு இல்லை’ என்பது போன்ற பொதுச் சொற்களே நிறைந்திருந்தன. அவற்றை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியவில்லை. நேரில் பார்த்தவர்களிடம் குறிப்பிட்ட நிகழ்ச்சிகளைக் கேட்டுத் திரட்டும் முறையை அவர் 1954-இல் விரிவாக எழுதினார். 1963-இல் பட்ரீஷியா ஸ்மித்தும் லோர்ன் கெண்டலும் அந்த வழியில் செவிலியர் பணியை மதிப்பிடும் அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள். அதில் ஒரு படி பரிந்துரை எழுதுபவர்களுக்கு இன்றும் கைகொடுக்கும். ஒரு குழுவினர் சொன்ன உதாரணங்களை, அவை எந்தக் குணத்தைக் காட்டுவதற்காகச் சொல்லப்பட்டவை என்பதை மறைத்து, இன்னொரு குழுவினரிடம் கொடுத்தார்கள். இது எதைக் காட்டுகிறது என்று கேட்டார்கள். எந்த உதாரணத்தில் இரண்டாவது குழுவினர் ஒத்துப்போகவில்லையோ அதைத் தள்ளிவிட்டார்கள்.

நம் இரண்டு கடிதங்களையும் அப்படி வேறு வார்டு சிஸ்டர் ஒருவரிடம் கொடுத்தால் என்ன சொல்வார்? முதலாவதைப் படித்தால் வேகம், பதறாத மனம் என்பார். வார்டை நடத்தும் திறமை என்று சொல்லமாட்டார். இரண்டாவதைப் படித்தால் ஒரே மாதிரித் தவறுகளைச் சேர்த்துப் பார்க்கிறார், மற்ற பிரிவுகளை இணங்கவைக்கிறார் என்பார். எழுதியவர் நிறுவ நினைத்ததும் அதுவே. கடிதத்தை அனுப்புமுன் பத்து நிமிடம் செலவழித்தால் இந்தச் சோதனையைச் செய்துவிடலாம்.

இனி எண்கள். இரண்டாவது கடிதம் அடுத்த மூன்று மாதங்களுக்கான சம்பவப் பதிவேட்டைக் காட்டுகிறது: 9, 4, 2. முதல் மாத எண்ணைக் கண்டதும் தரப் பிரிவு மேலாளர் புருவத்தை உயர்த்துவார். மாற்றம் செய்த பிறகு சம்பவங்கள் கூடியிருக்கின்றனவே? கடிதம் அந்தக் கேள்வி வருவதற்கு முன்பே பதில் சொல்கிறது. முன்பு வியர்த்து மயங்கியவர்களை மட்டுமே பதிந்தார்கள். இந்தச் செவிலியர் டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அறிகுறி இல்லாவிட்டாலும் எழுதச் சொன்னார். அதனால் மறைந்திருந்தவை வெளியே வந்தன. அந்த மூன்று மாதமும் நாளொன்றுக்கு 12 முதல் 14 பேர் இன்சுலினில் இருந்தார்கள், ஆகவே நோயாளிகள் குறைந்ததால் எண் குறையவில்லை என்ற வரியும் இருக்கிறது. இவ்வளவு சிறிய எண்களை வைத்துப் பெரிதாக உரிமை கோரக்கூடாது என்பது உண்மை. அதைத் தெரிந்து எழுதியவர் ‘குறைந்திருக்கிறது’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். 9-ஐ மறைத்து ‘4 இரண்டாகக் குறைந்தது’ என்று எழுதியிருந்தால், பதிவேட்டைப் பார்க்கும் உரிமை உள்ளவர்கள் முன்னால் கடிதம் முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகியிருக்கும்.

அந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி மூன்றாவது மாதத்தைப் பற்றியது. இந்தச் செவிலியர் பத்து நாள் விடுப்பில் போயிருந்தார். அப்போதும் கிச்சனிலிருந்து போன் வந்தது, ஊசி அதன் பிறகே போடப்பட்டது. தான் நின்று செய்யும் வேலைக்கும் தான் இல்லாதபோதும் நடக்கும் வேலைக்கும் உள்ள தூரத்தை அந்த ஒரு வரி குழுவுக்குக் காட்டிவிடுகிறது.

பங்கைப் பிரித்துச் சொல்வதிலும் இரண்டும் வேறுபடுகின்றன. முதல் கடிதத்தில் ‘உயிரைக் காப்பாற்றினார்’ என்று வருகிறது. குழுவில் இருக்கும் மருத்துவருக்கு அது உறுத்தும். இரண்டாவதில் வண்டி கிளம்பும்போது போன் செய்ய ஒப்புக்கொண்டவர் உணவியல் நிபுணர், ஊசி நேரத்தை அனுமதித்தவர் மருத்துவர், நேரத்தைக் குறித்து ஆதாரம் சேர்த்ததும் இருவரையும் பேசவைத்ததும் இவர் என்று தனித்தனியே இருக்கிறது. மற்றவர்களுக்கு உரியதைக் கொடுத்துவிட்டதால் இவருக்கென்று மிஞ்சியதை யாரும் குறைக்க முடியாது. நேரம் குறித்த தாளைத் தான் பார்த்ததாகவும், கிச்சனில் நடந்த பேச்சைக் கேள்விப்பட்டதாகவும் எழுதியவர் பிரித்துச் சொல்கிறார். நோயாளிகளின் பெயரோ படுக்கை எண்ணோ எங்கும் இல்லை, இருக்கவும் கூடாது.

குறையைச் சொல்லும் விதத்தில்தான் முதல் கடிதத்தின் மேல் எனக்குக் கோபமே வருகிறது. ‘இரண்டு சிறு குழந்தைகளின் தாயாக இருந்தும் வேலையில் குறை வைப்பதில்லை’ என்கிறது அது. அன்போடு எழுதப்பட்ட வரி. ஆனால் அதுவரை யாரும் கேட்காத கேள்வியை அது குழுவின் காதில் போட்டுவிடுகிறது. பிரான்சிஸ் டிரிக்ஸும் கரோலின் சென்காவும் அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றின் ஆசிரியர் பணிக்கு வந்த 300-க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார்கள். பெண்களுக்கான கடிதங்கள் சராசரியில் சிறியவையாக இருந்தன. சந்தேகத்தை எழுப்பும் வரிகளும், பாடுபட்டு உழைப்பவர் என்ற வகைப் பாராட்டும் அவற்றில் கூடுதலாகத் தென்பட்டன. ‘தாயன்போடு கவனிப்பார்’, ‘எப்போதும் சிரித்த முகம்’ என்று நம் ஊரில் நர்ஸ்களுக்கு எழுதும் பாராட்டுகளையும் இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். இன்சார்ஜ் பதவிக்கு அவை எதையும் நிறுவுவதில்லை. இரண்டாவது கடிதமும் ஒரு குறை சொல்கிறது: ரோஸ்டரை இதுவரை தனியாகப் போட்டதில்லை, இரண்டு முறை இன்சார்ஜுக்கு உதவியாக இருந்து போட்டிருக்கிறார். இது குழு கையாளக்கூடிய குறை. முதல் இரண்டு மாதம் யாராவது கூட இருக்கட்டும் என்று முடிவெடுத்துவிடலாம்.

இரண்டாவது வகை உதாரணத்துக்கும் எல்லை உண்டு. பகலில் வேலை செய்பவருக்குத்தான் கிச்சனோடும் மருந்தகத்தோடும் பேச வாய்ப்பு கிடைக்கும். தொடர்ந்து இரவு டூட்டியே பார்த்தவரிடம் மூன்று மாதப் பதிவேட்டை எதிர்பார்ப்பது அநியாயம். பரிந்துரைப்பவர் அப்போது சிறிய இடங்களில் தேட வேண்டும். புதிதாகச் சேர்ந்த நர்ஸை யாரிடம் பழகவிடுகிறார்கள்? ஆள் குறைந்த இரவில் படுக்கைகளை யார் பிரித்துக் கொடுத்தார், எந்தக் கணக்கில் கொடுத்தார்? உதாரணமாக, எண்ணிக்கையைச் சமமாக்காமல், மூச்சுத்திணறல் உள்ள இருவரை அனுபவசாலியிடம் வைத்து, நிலையாக இருந்த எட்டுப் பேரைப் புதியவரிடம் கொடுத்து, மணிக்கொரு முறை அவரிடம் போய்ப் பார்த்தார் என்ற நான்கு வரி போதும். இப்படிப்பட்டவை எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. கூட வேலை பார்த்தவருக்கு மட்டுமே தெரியும். அவர் எழுதாவிட்டால் குழுவின் மேசைக்கு வர வேறு வழியில்லை.

கோட் ப்ளூ இரவையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதே இரவில் இன்னொரு விஷயமும் நடந்திருக்கலாம். எல்லாம் முடிந்த பிறகு, கிராஷ் கார்ட் வந்து சேர ஏன் தாமதமானது என்று இவர் கேட்டிருக்கலாம். அது பூட்டிய அறைக்குள் இருந்ததைக் கண்டு, மறுநாளே திறந்த இடத்துக்கு மாற்றச் செய்து, ஒவ்வொரு ஷிஃப்டிலும் சரிபார்க்கும் தாளைத் தொங்கவிட்டிருக்கலாம். முதல் கடிதத்தை எழுதிய சிஸ்டரிடம் நான் கேட்க விரும்புவது அதைத்தான்: அந்த நோயாளியை ஐ.சி.யு.-வுக்கு அனுப்பிவிட்ட பிறகு, விடியும் வரை அவர் என்ன செய்தார்?