ஊருக்குப் போக விடுப்பு, செலவுக்கு முன்பணம்: ஒரே கடிதத்தில் கேட்பது எப்படி?

தங்கைக்கு ஆவணியில் திருமணம். சிங்கப்பூரில் வேலை செய்யும் அண்ணனுக்கு விடுப்பும் வேண்டும், பணமும் வேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்கலாம். ஆனால் இரண்டு தனிப் பகுதிகளாக எழுதுவது நல்லது.

காரணம், இரண்டும் ஒன்றல்ல. ஆண்டு விடுப்பு, வேலை நியமனச் சட்டம் தரும் உரிமை. மூன்று மாதம் வேலை செய்தவருக்கு முதல் ஆண்டில் 7 நாள். பிறகு ஆண்டுக்கு ஒரு நாள் கூடி, எட்டாம் ஆண்டில் 14 நாள். எந்தத் தேதியில் எடுப்பது என்பதை முதலாளியுடன் பேசி முடிவு செய்ய வேண்டும். முன்பணமோ முதலாளி விரும்பினால் தருவது. இரண்டையும் கலந்து எழுதினால், பணத்திற்குச் சொல்லும் ‘முடியாது’ விடுப்பையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

எடுத்துக்காட்டாக, மாதச் சம்பளம் 1,200 வெள்ளி, நான்காம் ஆண்டு ஊழியர். அவருக்கு 10 நாள் விடுப்பு உண்டு. தேவை 14 வேலை நாள். அவர் இப்படி எழுதலாம்:

“பகுதி 1, விடுப்பு: தங்கையின் திருமணத்திற்காக செப்டம்பர் 7 முதல் 22 வரை 14 வேலை நாள் விடுப்பு வேண்டும். இதில் 10 நாள் ஆண்டு விடுப்பு, 4 நாள் சம்பளமில்லா விடுப்பு. 23ஆம் தேதி வேலைக்குத் திரும்புவேன்.

பகுதி 2, முன்பணம்: 1,800 வெள்ளி முன்பணம் ஆகஸ்ட் 20க்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும். அக்டோபர் சம்பளத்திலிருந்து மாதம் 300 வெள்ளி வீதம் ஆறு தவணைகளில் கழித்துக்கொள்ளலாம். முன்பணம் தர இயலாவிட்டாலும் முதல் பகுதியைத் தனியே பரிசீலிக்க வேண்டுகிறேன்.”

கடைசி வரிதான் விடுப்பைக் காப்பாற்றுகிறது. 300 வெள்ளி என்பதற்கும் காரணம் உண்டு. முன்பணத்திற்கான ஒரு தவணை, அந்த மாதச் சம்பளத்தில் கால் பங்கைத் தாண்டக்கூடாது. 12 மாதத்திற்குள் கழித்து முடிக்க வேண்டும் என்கிறது சட்டம்.

தவணையை ஏன் அக்டோபரில் தொடங்க வேண்டும்? செப்டம்பரில் 26 வேலை நாள் என்றால், சம்பளமில்லாத 4 நாளுக்குச் சுமார் 185 வெள்ளி குறையும். அதே மாதத்தில் தவணையும் சேர்ந்தால், திரும்பி வந்ததும் கையில் மிஞ்சுவது ஏறக்குறைய 700 வெள்ளிதான்.

விடுப்புக்கு எழுத்தில் ஒப்புதல் வரும்வரை விமானச் சீட்டு வாங்காதீர்கள். முன்பணம் கிடைத்தால் தொகை, தவணை, தொடங்கும் மாதம் மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். பிறகு மாதந்தோறும் சம்பளச் சீட்டில் கழிவைச் சரிபாருங்கள். 300க்குப் பதில் 500 கழிந்திருந்தால், முதலில் அலுவலகத்தில் கேளுங்கள். தீரவில்லையென்றால், சீட்டையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு சிராங்கூன் சாலையில் உள்ள வெளிநாட்டு ஊழியர் நிலையத்தை நாடலாம். இடையில் வேலையை விட்டால், மீதித் தொகை இறுதிச் சம்பளத்தில் கழிக்கப்படலாம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.