மைதானத்தில் கூப்பிடும் பெயர்

பேர்ண் நகரத்தின் உதைபந்தாட்டக் கழகத்துக்கு ‘யங் போய்ஸ்’ என்று பெயர். ஊர் பேசுவது ஜெர்மன், அதுவும் பேர்ணுக்கே உரிய இழுவையான ஜெர்மன். கழகத்தின் பெயரோ முழு ஆங்கிலம். ஆங்கிலம் தாய்மொழியானவர்கள் கேட்டால் சிரிக்கிறார்கள். ஊர்க்காரருக்கு அதில் விசித்திரம் எதுவும் தெரிவதில்லை, நூற்றிருபது வருடங்களுக்கு மேலாகக் கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள்.

இந்தப் பெயருக்குள் ஒரு பகிடி இருக்கிறது. அது யாழ்ப்பாணத்தில் படித்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். 1894இல் பாசல் நகரத்தில் ஒரு பள்ளியின் முன்னாள் மாணவர்கள் கழகம் தொடங்கி அதற்கு ‘ஓல்ட் போய்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். எங்களுக்கு ‘ஓல்ட் போய்ஸ்’ என்றால் கிழவர்கள் அல்ல, பழைய மாணவர் சங்கம். 1898 மார்ச்சில் அந்த அணி பேர்ணுக்கு வந்து உள்ளூர் அணியுடன் ஆடியது. அதைப் பார்த்த நான்கு மாணவர்கள் தாங்களும் ஒரு கழகம் தொடங்குவது என்று முடிவெடுத்து, அடுத்த நாளே தொடங்கிவிட்டார்கள். பாசல்காரர் ‘ஓல்ட்’ என்றால் நாங்கள் ‘யங்’. ‘பழைய மாணவர்’ என்பதற்கு எதிர்ச்சொல் ‘இளம் பையன்கள்’ அல்ல என்பதைப் பற்றி அவர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஏன் ஆங்கிலம்? அந்தக் காலத்தில் சுவிஸ் ஊர்களில் உடற்பயிற்சி என்றால் ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கங்கள்தான். வரிசையாக நின்று, தேசத்துக்காக உடம்பை வளர்ப்பது. பந்தை உதைத்துக்கொண்டு ஓடுவது ஆங்கிலேயரின் கூத்து என்று அந்தச் சங்கத்துப் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். விளையாட்டு வந்த வழியும் அதுதான். ஜெனீவா ஏரிக்கரையின் தங்கு பாடசாலைகளிலும் கல்லூரிகளிலும் படிக்க வந்த ஆங்கிலேயர் கொண்டுவந்தார்கள். லொசான் நகரத்தில் 1860இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் கழகத்தின் பெயரிலேயே உதைபந்தாட்டமும் துடுப்பாட்டமும் சேர்ந்திருந்தன. சூரிச்சின் ‘கிராஸ்ஹொப்பர்’ கழகத்தை 1886இல் தொடங்கியவர் ரொம் கிரிஃபித் என்ற ஆங்கிலேய மாணவர். ஆகவே 1898இல் ஒரு பேர்ண் பையன் ஆங்கிலப் பெயரைத் தெரிந்தெடுத்தால், தகப்பனின் சங்கத்தில் நான் சேரப்போவதில்லை என்று சொல்கிறான் என்பதுதான் பொருள். அந்த மீறலின் எச்சம் இன்னும் இருக்கிறது. ஜெர்மனியில் கோல் காப்பாளருக்கும் தண்ட உதைக்கும் ஜெர்மன் சொற்களை உருவாக்கிக்கொண்டார்கள். சுவிஸ் ஜெர்மன் பேசுபவர் இன்றைக்கும் ‘கோலி’, ‘பெனல்ட்டி’, ‘கோர்னர்’ என்றுதான் சொல்கிறார். எங்கள் ஊர்ப் பெடியள் சொல்வதும் அதேதான்.

யாழ்ப்பாணத்தில் இந்த ஆங்கிலம் வேறு வாசலால் வந்தது. மிஷன் பாடசாலைகள் விளையாட்டையும் கொடுத்தன, பெயரையும் கொடுத்தன. இளவாலை சென் ஹென்றிஸ் கல்லூரியில் படித்தவர் ‘ஹென்றீசியன்’. அந்த ஊரின் கழகம் ‘யங் ஹென்றீசியன்ஸ்’. கரையோர ஊர்களில் கோயிலின் புனிதரே கழகத்தின் பெயராகிறார்: பாசையூர் சென் அன்ரனிஸ், நாவாந்துறை சென் மேரிஸ். பேர்ண் பையன்கள் எதிரணியின் பெயரைப் புரட்டிப்போட்டார்கள். இளவாலைக்காரரோ தங்கள் பாடசாலையை அப்படியே சுமந்தார்கள். பெயரைக் கேட்டவுடன் ஊர், பாடசாலை, பெரும்பாலும் மதமும் தெரிந்துவிடும். உள்ளே இருப்பவனுக்குப் பெருமை. அடுத்த ஊரவன் அந்தச் சட்டையைப் போட்டால், இரண்டு ஊரும் அவனைக் கேள்வி கேட்கும்.

அந்தப் பழக்கத்தோடுதான் நாங்கள் இங்கே வந்தோம். சுவிஸில் நடக்கும் தமிழர் போட்டிகளில் ஊர்ப் பெயரோடு இறங்கும் அணிகளை வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். முதல் தலைமுறைக்கு அது சரியான பெயர். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாவது தொழிற்சாலையையும் உணவகச் சமையலறையையும் மறந்து ஊரின் பெயரைச் சத்தமாகக் கூப்பிட ஓர் இடம் வேண்டியிருந்தது. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் எங்கள் பக்கத்தில் கோடையில் மென்பந்துத் துடுப்பாட்டம் ஆடும் பிள்ளைகளைப் பாருங்கள். ஒருவனின் தகப்பன் காரைநகர், இன்னொருவனின் தாய் வடமராட்சி, மூன்றாமவனுக்கு ஊரே தெரியாது. வேகமாகப் பந்து வீசுபவர்கள் இரண்டு ஆப்கான் பையன்கள். இந்த அணிக்கு எந்த ஊரின் பெயரை வைப்பது? தகப்பன்மாரின் கூட்டத்தில் ஆறு ஊர்ப் பெயர்கள் வந்தன. பிள்ளைகள் ஐபிஎல் அணிகளின் சாயலில் ‘கிங்ஸ்’ என்றும் ‘லயன்ஸ்’ என்றும் முடியும் பெயர்களைக் கொண்டுவந்தார்கள். யாழ்ப்பாணத்தின் பெயரில் இலங்கை லீக்கில் இறங்கிய அணியே 2020இல் ‘ஸ்டாலியன்ஸ்’, 2021இல் ‘கிங்ஸ்’. உரிமையாளர் மாறினால் மிருகம் மன்னனாகிவிடும். அப்படிப்பட்ட பெயரைப் பிள்ளைகளுக்குச் சட்டையில் தைத்துக் கொடுக்க எனக்கு மனமில்லை.

பெயரை மேலிருந்து வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் பேர்ணே சாட்சி. யங் போய்ஸின் மைதானம் 1925இல் திறக்கப்பட்டது. நின்ற இடத்தின் பெயரே மைதானத்தின் பெயர்: வாங்க்டோர்ஃப். அதே வருடம் கழகமும் தன் பெயருக்கு முன்னால் ‘பேர்ண் விளையாட்டுக் கழகம்’ என்று சேர்த்துக்கொண்டது. ஊரின் பெயர் கழகத்தின் பெயருக்குள் வருவதற்கு இருபத்தேழு வருடங்கள் எடுத்தன. 1954 உலகக்கிண்ண இறுதியாட்டம் அங்கேதான் நடந்தது. 2001இல் பழைய அரங்கை இடித்தார்கள். 2005இல் புதியது திறந்தபோது ‘ஸ்தாத் து சுவிஸ்’ என்று பிரெஞ்சில் பெயர் வைத்தார்கள், முழு நாட்டுக்கும் உரிய அரங்கு என்ற எண்ணம் தொனிக்க. பிழையான பெயர் என்று சொல்ல முடியாது. ஆனால் பக்கத்து ரயில் நிலையத்தின் பெயர் வாங்க்டோர்ஃப். ஆட்டத்துக்குப் போகிற ரசிகன் ‘வாங்க்டோர்ஃபுக்குப் போறன்’ என்றுதான் சொன்னான். 2018இல், முப்பத்திரண்டு வருடங்களுக்குப் பிறகு யங் போய்ஸ் சுவிஸ் சாம்பியன் ஆனபோது, அறிவிப்புப் பலகையில் ஒரு பெயர், ஆட்களின் வாயில் இன்னொன்று. 2020இல் பலகை தோற்றது. இப்போது அது மீண்டும் வாங்க்டோர்ஃப்.

ஜெனீவாவின் ‘செர்வெட்’ கழகமும் இப்படித்தான் இருக்கிறது. செர்வெட் என்பது நகரத்தின் ஒரு குடியிருப்புப் பகுதி. 1890இல் ரக்பிக் கழகமாகத் தொடங்கி, பிறகு உதைபந்தாட்டத்துக்கு வந்தது. யார் எங்கிருந்து அந்தப் பகுதிக்கு வந்து குடியேறினாலும் அந்தப் பெயர் அவர்களுக்கும் உரியதாகிவிடும். அதற்குள் நுழையத் தகப்பனின் ஊர் தேவையில்லை.

இதைக் கூட்டத்தில் சொன்னேன். நாங்கள் ஆடும் பள்ளி மைதானம் இருக்கும் பகுதியின் பெயரையே வைப்போம், பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் பேருந்தில் பார்க்கும் பெயர் என்றேன். ஒரு பெரியவர் எழுந்தார். “தம்பி, அதிலை தமிழ் எங்கை?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ‘விளையாட்டுக் கழகம்’ என்ற இரண்டு சொற்களைத் தமிழ் எழுத்திலேயே சட்டையில் போடலாம் என்று என்னுடைய மகள் சொன்னாள். ஆப்கான் பையன்களில் ஒருவன் அதை வாசித்துக் காட்டச் சொல்லி, ‘ழ’வை மூன்று தரம் முயற்சி செய்தான். சிரித்ததில் கூட்டத்தின் சூடு கொஞ்சம் தணிந்தது.

சுவிஸ் சட்டத்தில் கழகம் தொடங்குவது சுலபம். குடியியல் சட்டக்கோவையின் 60ஆம் பிரிவின்படி நோக்கம், நிதி, அமைப்பு மூன்றையும் எழுத்தில் வைத்து, கழகமாக இயங்கும் விருப்பத்தைக் காட்டினால் போதும். வணிகம் நடத்தாதவரை பதிவும் கட்டாயமில்லை. அந்தப் பெயரை இன்னொருவர் எடுத்தாண்டால் 29ஆம் பிரிவு எங்கள் பக்கம் நிற்கும். ஆனால் பிறகு பெயரை மாற்றுவதானால் யாப்பைத் திருத்தப் பொதுக்கூட்டம் வேண்டும், வங்கிக்கு மறுபடியும் கடிதம் கொடுக்கவேண்டும். அதனால்தான் யாப்பின் முதல் வரியில் ஓர் இடத்தை இன்னும் வெறுமையாக விட்டிருக்கிறோம். பிள்ளைகள் இந்தக் கோடை முழுவதும் இரண்டு பெயர்களையும் மைதானத்தில் கூப்பிட்டுப் பார்க்கட்டும் என்று முடிவு. ஓட்டம் எடுக்க ஓடும்போது வாயில் எது வருகிறது என்று எழுதிக்கொள்ளும் வேலை, ஓட்டக்கணக்கு எழுதும் என்னிடம் வந்திருக்கிறது.