மாலைக்கண்: பொழுதும் பார்வையும்

'மாலைக்கண்' பிழையான சொல் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நோயாளிக்கு இரவில்தானே கண் தெரிவதில்லை, மாலை ஐந்து மணிக்கு நன்றாகத்தானே தெரிகிறது, அப்படியிருக்க மாலை எங்கிருந்து வந்தது என்பது அவர்கள் கேள்வி. 'இரவுக்குருடு' என்று திருத்திக்கொண்டால் பொருள் துல்லியமாகிவிடும் என்பது அவர்கள் தரும் தீர்ப்பு. ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுத்துக்கூட்டி வைத்ததைத் தவிர இந்தத் திருத்தத்தில் வேறெதுவும் இல்லை. பழுது சொல்லில் இல்லை. மாலை என்றால் காப்பி குடிக்கும் நேரம் என்று எண்ணுகிற இன்றைய பழக்கத்தில் இருக்கிறது.

தொல்காப்பியர் கணக்கில் மாலை என்பது முல்லைக்குரிய சிறுபொழுது. வெயில் சாய்கிற நேரத்துக்கு அங்கே வேறு பெயர் உண்டு: எற்பாடு. எல் என்றால் ஒளி, ஞாயிறு. அது படுகிற நேரம் எற்பாடு. அது முடிந்த பிறகே மாலை தொடங்குகிறது. மாலை இரவின் முற்கூறு என்பதே உரையாசிரியர்கள் கொண்ட பொருள். ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பகுத்தால் ஒவ்வொன்றுக்கும் பத்து நாழிகை. இன்றைய கடிகாரத்தில் ஏறக்குறைய ஆறு மணி முதல் பத்து மணி வரை. பள்ளிக்கூடத்து இலக்கணப் பாடத்தில் இந்த அட்டவணையை எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். மாலைக்கண்ணைக் குறை சொல்லும்போது மட்டும் அது மறந்துபோகிறது.

இனி, மாலை எதிலிருந்து வந்தது? மால் என்ற அடியிலிருந்து என்பதில் தகராறு இல்லை. மால் என்றால் கருமை, ஆகவே கருக்கும் பொழுது மாலை என்பது ஒரு கட்சி. திருமாலின் நிறத்தைச் சான்றுக்கு இழுப்பார்கள். கருமைதான் காரணம் என்றால் மாலையைவிட யாமமே அந்தப் பெயருக்கு உரிமையுடையது. மாலுக்கு மயக்கம் என்ற பொருளும் உண்டு. மாலுதல் என்ற வினைக்கே மயங்குதல் என்பதுதான் பொருள். மயக்கம் என்றதும் தலைசுற்றலை நினைக்கக் கூடாது. இலக்கணத்தில் மெய்ம்மயக்கம், வேற்றுமை மயக்கம், திணை மயக்கம் என்று சொல்லும்போது ஒன்றோடொன்று கலப்பதையே அந்தச் சொல் குறிக்கிறது. பகலின் ஒளியும் இரவின் இருளும் கலந்து, எது எது என்று பிரித்தறிய முடியாத பொழுது மாலை. கிராமத்தில் இன்னும் 'பொழுது மசங்கிப்போச்சு', 'மசங்கல் நேரம்' என்கிறார்கள். அந்தப் பேச்சு வழக்கும் இதே கருத்தின் மேல்தான் நிற்கிறது.

கண் என்ற பின்பாதியையும் கவனிக்க வேண்டும். மாறுகண், பூனைக்கண், ஒன்றரைக்கண் என்று கண்ணின் தன்மையைச் சொல்லும் வரிசையில் மாலைக்கண்ணும் நிற்கிறது. குருடு என்ற சொல் இதில் நுழையவே இல்லை. பகலில் மற்றக் குழந்தைகளைப் போல ஓடியாடுகிற பிள்ளையைக் குருடு என்று சொல்ல எந்தத் தாயின் வாயும் எழாது. மாலைக்கண் என்று சொல்லும். இந்த வேறுபாடு வெறும் நாகரிகம் அல்ல என்பது பின்னால் தெரியும்.

அண்டை மொழிகள் இவ்வளவு நுணுக்கம் பார்க்கவில்லை. தெலுங்கில் ரேச்சீகட்டி: இரவு, இருள் இரண்டையும் சேர்த்துக் கட்டியது. கன்னடத்தில் இருளுகண்ணு. இந்தியின் ரதௌந்தி இரவையும் குருட்டையும் இணைத்தது. கிரேக்கத்தின் கதை இன்னும் மோசம். 'நிக்டலோபியா' என்ற சொல் பழைய மருத்துவ நூல்களில் ஓரிடத்தில் இரவில் பார்ப்பவரையும் வேறிடத்தில் இரவில் பார்க்க முடியாதவரையும் குறித்தது. அந்தக் குழப்பம் இன்றுவரை தொடர்கிறது. இரவில் தெரியாத நோயை ஆங்கில மருத்துவர் நிக்டலோபியா என்கிறார். பிரெஞ்சு மருத்துவர் அதையே 'எமெரலோபி' என்கிறார். அதன் முற்பாதியில் இருப்பதோ பகல்.

கோழியைக் கொண்டு பெயர் வைத்தவர்களும் உண்டு. இந்தோனேசியாவில் 'பூத்தா ஆயாம்', அதாவது கோழிக்குருடு. ஜப்பானியரின் 'தோரிமே' பறவைக்கண். சீனத்தில் சிட்டுக்குருவிக்கண். பொழுது சாய்ந்ததும் கோழி கூட்டுக்குள் அடைவதைக் கண்ட மக்கள் வைத்த பெயர்கள் இவை. கோழியின் விழித்திரையில் பகல் வெளிச்சத்துக்குரிய கூம்பு அணுக்களே மிகுதி. மங்கலில் அதன் பார்வை சட்டென்று தளர்ந்துவிடும்.

இந்தோனேசியப் பெயர் மருத்துவ வரலாற்றில் ஓர் இடம் பிடித்திருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் ஆல்பிரட் சாம்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவரும் அவருடைய குழுவினரும் அங்கே குழந்தைகளின் வைட்டமின் ஏ குறைபாட்டை ஆராய்ந்தார்கள். ஊர் ஊராகப் போய் எல்லாக் குழந்தைகளுக்கும் இரத்தம் எடுத்துச் சோதிப்பது ஆகிற காரியம் அல்ல. ஆகவே தாய்மாரிடம், பிள்ளைக்குப் பூத்தா ஆயாம் இருக்கிறதா என்று அவர்கள் சொல்லிலேயே கேட்டார்கள். ஆம் என்று தாய் சொன்ன குழந்தைகளின் இரத்தத்தில் வைட்டமின் ஏ அளவு, அதே வயது அண்டை வீட்டுக் குழந்தைகளைவிடக் குறைவாக இருந்தது. ஊர்ச்சொல் ஒன்று சோதனைக் கருவியாகப் பயன்பட்டது.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் இந்த அனுபவத்தை ஒட்டி அமைந்தது. பிள்ளைக்குப் பகலில் பார்க்கச் சிரமம் உண்டா, இருட்டியபின் உண்டா, அது மற்றப் பிள்ளைகளிடமிருந்து வேறாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, கடைசியில் அந்த வட்டாரத்துப் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். இரண்டு வயது நிரம்பியதிலிருந்து ஆறு வயது நிரம்பாத குழந்தைகளில் நூற்றுக்கு ஒருவருக்கு இருந்தாலே அது அந்தப் பகுதியின் பொதுச் சுகாதாரப் பிரச்சினை. இரண்டு வயதுக்குக் கீழே கேட்டுப் பயனில்லை. நடந்து திரியாத குழந்தையின் தடுமாற்றம் யார் கண்ணிலும் படாது. இங்கே கையில் தாளோடு வரும் ஒருவர் 'உங்கள் குழந்தைக்கு இரவுக்குருடு உண்டா' என்று கேட்டால் பெரும்பாலான தாய்மார் 'ஐயோ, இல்லை' என்பார்கள். 'மாலைக்கண்' என்று கேட்டால் யோசித்துப் பதில் சொல்வார்கள்.

அந்தப் பொழுதில் கண்ணுக்குள் நடப்பதைப் பார்த்தால் சொல்லின் பொருத்தம் இன்னும் தெளிவாகும். விழித்திரையில் பகலுக்குக் கூம்புகள், மங்கலுக்குக் குச்சி அணுக்கள். குச்சிகளுக்குள் ரோடாப்சின் என்ற செந்நீல நிறமி இருக்கிறது. புரதம் ஒன்றும், அதன் மடியில் வளைந்து உட்கார்ந்திருக்கும் ரெட்டினால் என்ற சிறு துண்டும் சேர்ந்ததே அது. ரெட்டினால் வைட்டமின் ஏயின் ஒரு வடிவம். விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதை 1933இல் கண்டறிந்தவர் ஜார்ஜ் வால்டு. பார்வையின் வேதியியலுக்காக 1967இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஒளி பட்டதும் வளைந்த ரெட்டினால் நிமிர்கிறது. அந்த நிமிர்வே நரம்புக்குச் செய்தியாகிறது. நிமிர்ந்த துண்டு புரதத்தை விட்டுக் கழன்று, பின்னாலுள்ள நிறமிப் படலத்துக்குப் போய், மறுபடி வளைக்கப்பட்டுத் திரும்பி வருகிறது. இந்தச் சுற்றில் குறைவதை இரத்தம் ஈடுகட்ட வேண்டும். இரத்தத்துக்குக் கொடுப்பது ஈரலின் சேமிப்பு.

வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் வருகிறவருக்கு முதல் சில நிமிடங்கள் கூம்புகள் கூர்மையடைந்து, அதற்குமேல் முடியாமல் நின்றுவிடும். ஏறத்தாழ ஏழெட்டு நிமிடத்தில் குச்சிகள் பொறுப்பேற்கும். அவை முழுத்திறனை எட்ட அரைமணிக்கு மேல் ஆகும். வைட்டமின் ஏ வற்றியவருக்கு முதல் பகுதி பெரும்பாலும் ஒழுங்காகவே நடக்கிறது. இரண்டாவது பகுதிதான் பிந்துகிறது, அல்லது வருவதே இல்லை. கூம்பிலிருந்து குச்சிக்குக் கைமாறுகிற அந்த மசங்கலில் கண் தேங்கிவிடுகிறது. ஒளியும் இருளும் மயங்கும் பொழுதின் பெயர் நோய்க்கு அமைந்ததில் வியப்பில்லை.

நான்கு வயதுப் பிள்ளை ஒன்றை எண்ணிக்கொள்ளலாம். ஆறு மணி வரை முற்றத்தில் மற்றவர்களோடு ஓடிப்பிடித்து விளையாடுகிறது. ஆறே முக்காலுக்கு மற்றப் பிள்ளைகள் இன்னும் ஓடுகிறார்கள். இது மட்டும் திண்ணையோரம் வந்து சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிடுகிறது. கைதவறிய பந்து இரண்டடி தள்ளிக் கிடக்கிறது. பிள்ளை தரையைத் தடவுகிறது, வேறு திசையில். அம்மா தட்டை வைத்தால் சோற்றைக் கையால் தேடுகிறது. விளக்குப் போட்டதும் பழையபடி பேச்சும் சிரிப்பும். பிள்ளை சோம்பேறி, பயந்தாங்கொள்ளி என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவது எளிது.

வெள்ளை விழியில், காதுப்பக்கத்து ஓரத்தில், சோப்பு நுரை ஒட்டியதுபோல் திட்டு இருந்தால் ஐயம் வலுக்கும். அதற்கு பிட்டாட் புள்ளி என்று பெயர். அடுத்தபடியாகக் கருவிழி வறண்டு புண்ணானால் பார்வை திரும்பாது. ஆனால் மாலைக்கண் நிலையிலேயே பிடித்துவிட்டால் மருந்து விரைவாக வேலை செய்யும். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு வைட்டமின் ஏ இரண்டு லட்சம் யூனிட் அன்று, மறுநாள் ஒன்று, இரண்டு வாரம் கழித்து ஒன்று. முதல் வேளைக்குப்பின் இரண்டொரு நாளிலேயே பெரும்பாலும் மாலைப்பார்வை திரும்பிவிடும். கர்ப்பிணிக்கு இந்தப் பேரளவு கூடவே கூடாது, வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும். அவருக்குச் சிறு அளவுகளே. மருந்து கொடுத்தும் திரும்பவில்லை, பக்கப்பார்வையும் சுருங்குகிறது, குடும்பத்தில் வேறு யாருக்கோ இருந்தது என்றால் அது வேறு நோய்: குச்சி அணுக்களே பரம்பரையாக அழிகிற நோய். அதற்கும் மாலைக்கண் என்றே பெயர் சொல்கிறோம். இது ஒன்றுதான் சொல்லின் உண்மையான குறை.

கண்ணுக்கு நல்லது என்று எல்லோரும் காட்டுகிற பொன்னாங்கண்ணியைத் தொடாமல் இதை முடிக்க முடியாது. 'பொன் ஆகும் காண் நீ' என்று அதைப் பிரித்து, கீரையைத் தின்றால் உடல் பொன்னாகும் என்று விளக்கம் சொல்வார்கள். அப்படியானால் கரிசலாங்கண்ணியை எப்படிப் பிரிப்பது? 'கரிசல் ஆகும் காண் நீ' என்றா? கண் என்பது விழி மட்டும் அல்ல. கரும்பின் கணுவிலும் கண் இருக்கிறது. இரண்டு செடிகளும் தரையில் படர்ந்து கணுதோறும் வேர்விடுபவை. கண்ணி என்ற ஈறு அந்தக் கணுவைச் சுட்டுவதாக இருக்கலாம். பெயர் எப்படியானாலும், கீரையின் பச்சைக்குள் மறைந்திருக்கும் கரோட்டின் உடலில் ஏற எண்ணெய் வேண்டும். கண்ணி என்று பெயரிருந்தும் வெறும் நீரில் வேகவைத்த கீரை கண்ணுக்குச் செய்வது குறைவு. பழைய மருத்துவம் ஈரலை நாடியது. எகிப்தின் எபர்ஸ் பாப்பிரஸ் எருதின் ஈரலைச் சொல்கிறது. வைட்டமின் ஏ உடலில் சேர்ந்திருக்கும் இடமே ஈரல்தான்.

மாலுதலிலிருந்து மாலை, மாலையிலிருந்து மாலைக்கண். இந்தத் தொடரின் முதல் கண்ணிக்குக் கல்வெட்டுச் சான்று கேட்பவர்களுக்குக் காட்ட எதுவும் இல்லை. ஆனால் பொழுது மசங்கும்போது திண்ணையோரம் ஒதுங்குகிற பிள்ளையை ஒருமுறை பார்த்தவர், மாலை என்ற சொல்லுக்கு மயக்கத்தைத் தவிர வேறு வேர் தேடமாட்டார்.