கொள்கை வட்டியும் சொத்து விலைகளும்: 2022–2023 இலங்கை அனுபவம்

மத்திய வங்கி வட்டியை உயர்த்தினால் முறிகளும் பங்குகளும் விலை இறங்கும், குறைத்தால் ஏறும் என்பது பாடநூல் விதி. 2022–2023 இலங்கை அனுபவம் இவ்விதியைப் பொய்யாக்கவில்லை; ஆனால் கொள்கை வட்டியை விடக் அரசுக் கடன் மீளச் செலுத்தப்படாது என்ற அச்சமே அக்காலத்தில் விலைகளை அதிகம் ஆட்டியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2022 ஏப்ரல் 8 அன்று இலங்கை மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. நான்கு நாட்களின் பின் வெளிநாட்டுக் கடன் மீள்செலுத்தலை அரசு இடைநிறுத்தியது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் செப்டெம்பரில் 69.8 சதவீதத்தைத் தொட்டது. அவ்வாண்டின் பிற்பகுதியில் மத்திய வங்கி வர்த்தக வங்கிகளுக்குக் கடன் கொடுத்த வீதம் 15.5 சதவீதம், திறைசேரி உண்டியலின் விளைவோ 30 சதவீதத்தை எட்டியிருந்தது. கொள்கை வட்டியால் விளக்க முடியாத இந்த இடைவெளியில், உள்நாட்டுக் கடனும் மறுசீரமைக்கப்படலாம் என்ற பயத்துக்குப் பெரும் பங்குண்டு.

வந்தாறுமூலையில் ஓய்வூதியர் ஒருவர் 100 ரூபா முகப்பெறுமதியுள்ள 364 நாள் உண்டியலை 30 சதவீத விளைவில் வாங்கியிருந்தால் ஏறத்தாழ 77 ரூபா கொடுத்திருப்பார். விளைவு 13 சதவீதமானால் அதே உண்டியலின் விலை 88.50 ரூபா. ஆண்டுக்கு 10 ரூபா வட்டி தரும் ஐந்தாண்டு முறியாயின் விலை 51 ரூபாவிலிருந்து 89 ரூபாவாகும். முதிர்வு நீளமாக நீளமாக விலையின் ஆட்டமும் பெரிதாகிறது.

2023 ஜூன் 1 அன்று மத்திய வங்கி வட்டியை 2.5 சதவீதப் புள்ளிகள் குறைத்தது. முந்திய மாதப் பணவீக்கம் இன்னும் 25 சதவீதத்துக்கு மேலேயே இருந்தது. ஆயினும் பெரிய திருப்பம் ஜூன் இறுதியில், உள்நாட்டுக் கடன் உகப்பாக்கல் திட்டம் வெளியானபோதே வந்தது. தனியார் கையிலிருந்த திறைசேரி உண்டியல்களையும் வங்கிகளின் திறைசேரி முறிகளையும் அத்திட்டம் தொடவில்லை. ஓய்வூதிய நிதியங்களின் முறிகள் பரிமாற்றத்துக்கு உள்ளாயின. அச்சம் தெளிந்ததும் விளைவுகள் சரிந்தன. அரசுக் கடனைப் பெருமளவில் சுமந்திருந்த வங்கிகளின் பங்குகள் சந்தையை மேலே இழுத்தன. ஆண்டு முடிவில் 364 நாள் உண்டியலின் விளைவு 13 சதவீதத்துக்கு அருகே வந்திருந்தது.

வட்டிக் குறைப்பே இதற்குக் காரணம் என்று வாதிடலாம். அதன் பங்கை மறுக்க இயலாது. பணவீக்கமும் வேகமாகத் தணிந்துகொண்டிருந்தது. ஆனால் கொள்கை வட்டியைத் தாண்டி நின்ற பெரும் உபரி கரைந்ததை அக்குறைப்பு மட்டும் விளக்காது.

கிரிப்டோவுக்கு இந்த விளக்கம் பொருந்தாது. பிட்கொயினுக்கு வட்டியோ இலாபப்பங்கோ இல்லை. அதன் விலை டொலரில் உருவாகிறது. 2022இல் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கிய பின் அது கடுமையாக வீழ்ந்தது. ஆண்டிறுதிச் சரிவில் எஃப்டிஎக்ஸ் பரிவர்த்தனை நிறுவனத்தின் முறிவும் சேர்ந்தது. கொழும்பின் தீர்மானம் ரூபா மாற்றுவீதத்தின் வழியாகவே பிட்கொயினை வைத்திருப்பவரின் கணக்கில் தெரியும்.

ஆகவே வட்டி அறிவிப்பைப் படிப்பவர், கொள்கை வீதத்துக்கும் உண்டியல் விளைவுக்கும் உள்ள இடைவெளியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது சிறிதாயிருக்கும் காலத்தில் பாடநூல் விதி பெரும்பாலும் போதும். அகன்றிருக்கும் காலத்தில் மத்திய வங்கியின் அறிக்கையை விடத் திறைசேரியின் கடன் திட்டமே விலைகளுக்கு நல்ல வழிகாட்டி.