300 டிபிஐ வந்த வழி: ஒரு தூம்புக் கல்வெட்டும் பஞ்சாகிப் போன படமும்

எங்கள் பக்கத்து ஏரியில் ஒரு குமிழித்தூம்பு இருக்கிறது. அதன் கல்தூணில் ஏழெட்டு வரிகளில் ஒரு கல்வெட்டு. நண்பர்கள் சிலர் சேர்ந்து அதைப் பற்றி 40 பக்கத்தில் ஒரு சிறு நூல் போட்டோம். வடிவமைப்பு வேலை என் தலையில். "படமெல்லாம் 300 டிபிஐ-ல இருக்கணும் சார்" என்றார் அச்சகத்துத் தம்பி. மென்பொருளில் 300 என்று அடித்துக் கொடுத்தேன். அச்சாகி வந்தபோது கல்வெட்டுப் படம் ஊறிய பஞ்சு மாதிரி இருந்தது.

ஊரில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் புத்தகத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, மூணாவது வரியில அது ப-வா, ம-வா?" என்று கேட்டார். அந்த ஒரு எழுத்தில்தான் ஒரு ஊர்ப்பெயரின் வாசிப்பே நிற்கிறது. படத்தை வைத்து என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அச்சகத்தின் மேல் பழி போட முதலில் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் தப்பு என்னுடையது. 300 என்ற எண் எதை அளக்கிறது என்பதே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. இருபது வருஷமாக மென்பொருள் எழுதுகிறவன் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடப் போனதில் கிடைத்தவை இவை.

முதலில் பிக்சல். 1957-இல் அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய நிறுவனத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்ற பொறியாளர், சுழலும் உருளையில் ஒரு புகைப்படத்தைச் சுற்றி, ஒளியை உணரும் குழாயால் அதைப் புள்ளி புள்ளியாகப் படிக்க வைத்தார். படத்தில் இருந்தது அவருடைய மூன்று மாதக் குழந்தை வால்டன். படம் சுமார் 5 செ.மீ. சதுரம். அது 176-க்கு 176 புள்ளிகளாக, மொத்தம் 30,976 புள்ளிகளாக, சீயாக் என்ற கணினிக்குள் போனது. ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை, அவ்வளவுதான். சாம்பல் நிறம் வேண்டுமென்றால் வெவ்வேறு ஒளி அளவு வைத்துத் திரும்பத் திரும்பப் படித்து, அவற்றை ஒன்றாகச் சேர்த்தார்.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்று. அந்தக் கணினியிடம் இருந்தது 176-க்கு 176 எண்கள் மட்டும்தான். 5 செ.மீ. என்பது அந்தக் கோப்புக்குள் இல்லை. அது வெளியே, காகிதத்தில் இருந்தது. இன்றைய ஜேபெக் கோப்பிலும் இதே கதைதான். அதன் தலைப்பில் 72 என்றோ 300 என்றோ ஓர் எண் எழுதியிருக்கலாம். பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு மாதிரி அது. சீட்டை மாற்றினால் பெட்டிக்குள் சரக்கு கூடாது.

சரி, 300? அதற்குக் கணினிக்கு முந்திய அச்சுக்கலைக்குப் போக வேண்டும். அச்சு மையில் சாம்பல் நிறம் கிடையாது. மை ஒட்டும், அல்லது ஒட்டாது. 1880-களில் புகைப்படத்தை அச்சிட ஒரு வழி பிறந்தது. ஜெர்மனியில் கியோர்க் மைசன்பாக் 1882-இல் காப்புரிமை பெற்ற முறை அவற்றில் பெயர் பெற்றது. நுண்ணிய கோட்டுத் திரை வழியாகப் படத்தைப் பிடித்து, இருண்ட இடத்தில் பெரிய புள்ளி, வெளிச்சமான இடத்தில் சிறிய புள்ளி என மாற்றிவிடுவது. பழைய செய்தித்தாள் படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தவர்களுக்கு அந்தப் புள்ளிகள் தெரிந்திருக்கும். செய்தித்தாளுக்கு அங்குலத்துக்கு 85 வரி அளவில் திரை, வழவழ ஆர்ட் தாளுக்கு 150 வரி அளவில் திரை என்பது வழக்கமாயிற்று.

கணினிப் படத்தை இந்தப் புள்ளிகளாக மாற்றும்போது, ஒரு அச்சுப் புள்ளிக்கு ஒவ்வொரு திசையிலும் இரண்டு பிக்சல் இருந்தால் தாராளம் என்று கண்டார்கள். 150-ஐ இரண்டால் பெருக்குங்கள்: 300. அச்சகத் தம்பி கேட்டது இதைத்தான். செய்தித்தாள் தாளுக்கு என்றால் 170 போதும். ஆக 300 என்பது கோப்பின் குணமே அல்ல. காகிதத்தில் படம் எத்தனை அங்குலம் அகலமாக உட்காரப் போகிறது என்று தெரிந்த பிறகுதான் அந்த எண்ணுக்கே அர்த்தம்.

இப்போது என் குளறுபடியைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கல்வெட்டுப் படம் செல்போன் செயலி வழியாக ஒரு நண்பர் அனுப்பியது. வரும் வழியிலேயே அது 1280-க்கு 960 ஆகச் சுருங்கிவிட்டது. அதில் எழுத்து உள்ள பகுதியை மட்டும் வெட்டி எடுத்தேன். மிஞ்சியதைக் கேட்டிருந்தால் கணினி சொல்லியிருக்கும்:

```
identify -format "%w x %h\n" thoombu.jpg
640 x 480
```

பக்கத்தில் அதற்கு நான் கொடுத்த அகலம் 7 அங்குலம். 640-ஐ 7-ஆல் வகுத்தால் அங்குலத்துக்கு 91 பிக்சல். கிர்ஷ் 1957-இல் தன் குழந்தையின் படத்தைப் படித்ததும் கிட்டத்தட்ட இதே நெருக்கத்தில்தான்! அறுபது சொச்சம் வருஷம் கழித்து நான் அதே இடத்தில் நிற்கிறேன்.

ஜிம்ப் மென்பொருளில் `Scale Image` பெட்டியைத் திறந்து 7 அங்குலம், 300 என்று கொடுத்தபோது, மென்பொருள் 640 பிக்சலை 2100 ஆக்கியது. அதாவது மூலப் பிக்சல் ஒன்று இருந்த இடத்தில் ஏறக்குறைய பதினொன்று. அதில் பத்து, அக்கம்பக்கத்து நிறங்களின் சராசரியை வைத்து மென்பொருள் இட்டு நிரப்பியவை. ப-வுக்கும் ம-வுக்கும் வித்தியாசம் காட்டும் சின்னச் சுழிப்பு மூலத்தில் இரண்டு மூன்று பிக்சல்தான் இருந்திருக்கும். சராசரியில் அது கரைந்துவிட்டது. பக்கத்திலேயே `Print Size` என்று இன்னொரு கட்டளை இருக்கிறது. அது பிக்சலைத் தொடாது, சீட்டை மட்டும் மாற்றும். அதில் 300 கொடுத்திருந்தால் அகலம் 2.13 அங்குலம் என்று காட்டியிருக்கும். அதுதான் அந்தப் படத்தின் உண்மையான தகுதி.

72-க்கு வேறொரு கதை. அச்சுக்காரர்களின் 'பாயிண்ட்' அளவு ஓர் அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு. 1984-இல் வந்த மெக்கின்டாஷ் திரையை அங்குலத்துக்கு 72 பிக்சல் வருமாறு அமைத்தார்கள். ஒரு பிக்சல், ஒரு பாயிண்ட். திரையில் தெரிகிற அளவிலேயே காகிதத்திலும் வரும். நல்ல யோசனைதான். ஆனால் அந்தத் திரைகள் போய் எத்தனையோ காலம் ஆகியும் "இணையத்துக்கு 72 டிபிஐ" என்ற பேச்சு மட்டும் போகவில்லை. இன்றைய உலாவி படத்தைக் காட்டும்போது அந்த எண்ணைப் பொருட்படுத்துவதில்லை.

மெக்கின்டாஷைத் தொடர்ந்து 1985-இல் ஆப்பிளின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறி வந்தது, அங்குலத்துக்கு 300 புள்ளிகள். (இந்த 300 வேறு, மேலே சொன்ன 300 வேறு. இது அச்சுப்பொறி வைக்கும் கறுப்புப் புள்ளிகளின் எண்ணிக்கை.) எட்டரைக்குப் பதினொன்று அங்குலத் தாளுக்கு மொத்தம் 84,15,000 புள்ளிகள், புள்ளிக்கு ஒரு பிட் வைத்தாலும் ஒரு மெகாபைட்டைத் தாண்டும். முதல் மெக்கின்டாஷின் மொத்த நினைவகமே 128 கிலோபைட். ஒரு முழுப் பக்கத்தைப் படமாக வைத்துக்கொள்ளக்கூட அதற்கு இடமில்லை.

இதற்கு விடை, ஜான் வார்னாக்கும் சார்லஸ் கெஷ்கியும் 1982-இல் தொடங்கிய அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட். கணினி படத்தை அனுப்பவில்லை, படம் வரையும் முறையை அனுப்பியது. இந்தப் புள்ளியில் தொடங்கு, இப்படி வளை, இங்கே முடி, உள்ளே மை நிரப்பு. புள்ளிகளாக மாற்றுவது அச்சுப்பொறியின் வேலை. அதற்காகவே லேசர்ரைட்டருக்குள் ஒன்றரை மெகாபைட் நினைவகம் வைத்தார்கள். இணைத்த கணினியைவிட அச்சுப்பொறி பெரிய கணினி! அதே கோப்பை அச்சகத்து லைனோட்ரானிக் கருவியில் கொடுத்தால் 1270-லோ 2540-லோ அச்சாகும். கோப்பில் ஓர் எழுத்து மாற வேண்டாம். வெக்டர் என்பது இதுதான்.

வளைவுக்கான கணக்கு கார் தொழிற்சாலையில் பிறந்தது. சித்ரோயெனில் பால் த காஸ்தெல்ஜோ 1959-இல் கண்டார், நிறுவனம் ரகசியமாக வைத்துக்கொண்டது. ரெனோவில் பியேர் பெஸியே தனியாக அங்கேயே வந்து சேர்ந்து வெளியிட்டார்; பெயர் அவருக்குப் போயிற்று. நான்கு புள்ளி கொடுத்தால் ஒரு வளைவு. எங்கள் மதகின் வளைவை நான் எஸ்விஜி-யில் வரைந்தது இப்படி:

```
<svg xmlns="http://www.w3.org/2000/svg" viewBox="0 0 100 60">
  <path d="M10 50 C10 0 90 0 90 50"
        fill="none" stroke="black" stroke-width="2"/>
</svg>
```

எட்டே எண்கள். தபால்தலை அளவில் போட்டாலும் பேனர் அளவில் போட்டாலும் விளிம்பு கூராகவே இருக்கும்.

இவ்வளவு படித்ததும் எனக்கு ஒரு அசட்டு யோசனை வந்தது. கல்வெட்டுப் படத்தையே வெக்டராக மாற்றிவிட்டால்? இங்க்ஸ்கேப்பில் `Trace Bitmap` கொடுத்தேன். பார்க்க அபாரம். எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்கவே இல்லை, மூன்றாவது வரி எழுத்து கத்தி மாதிரி கூராக நின்றது: ம! கொஞ்சம் நிதானித்து, கறுப்பு வெள்ளையைப் பிரிக்கும் எல்லையைச் சற்றே நகர்த்தி மறுபடி கொடுத்தேன். இப்போது அதே கூர்மையோடு ப. பக்கத்தில் கல்லில் இருந்த பொரிவு ஒன்று புதிதாகக் கால் முளைத்து எழுத்தாகியிருந்தது. மங்கலான படமாவது தனக்குத் தெரியாது என்று காட்டிக்கொள்கிறது. இது பொய்யை அச்சுச் சுத்தமாகச் சொல்கிறது. புகைப்படத்துக்குள் வரையும் முறை எதுவும் இல்லை. மென்பொருள் கற்பித்துக்கொள்வதுதான்.

இரண்டாம் பதிப்புக்கு வேலையைப் பிரித்துக்கொண்டேன். ஏரியின் வரைபடமும் தூம்பின் குறுக்குவெட்டும் எஸ்விஜி-யில் புதிதாக வரைந்தவை. கல்வெட்டுக்கு, மாலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் தூணுக்கு நெருங்கிப் போய் மறுபடி படம் எடுத்தோம். கேமரா தந்தது 4000-க்கு 3000. எழுத்துப் பகுதி மட்டுமே 3600 பிக்சல் அகலம், 7 அங்குலத்துக்கு வகுத்தால் 514. ஆளைக் கையோடு கூட்டிப்போய் கோப்பாகவே வாங்கிக்கொண்டேன், செயலி வழியாக அல்ல. அதன் மேல் நான் வாசித்த எழுத்துகளைத் தனி வெக்டர் அடுக்காக, எதிர்ப்பக்கத்தில், 'இது என் வாசிப்பு' என்ற குறிப்போடு.

அச்சுக்கு அனுப்பும் முன் பிடிஎஃப்-ஐச் சோதிக்க ஒரு கட்டளை உண்டு:

```
pdfimages -list thoombu.pdf
```

ஒவ்வொரு படமும் பக்கத்தில் அங்குலத்துக்கு எத்தனை பிக்சலோடு உட்கார்ந்திருக்கிறது என்று `x-ppi` பத்தியில் காட்டும். வெக்டர் வரைபடம் இந்தப் பட்டியலில் வரவே கூடாது. வந்தால், வழியில் ஏதோ ஒரு மென்பொருள் அதைப் புள்ளியாக்கிவிட்டது என்று அர்த்தம். என் முதல் முயற்சியில் ஏரி வரைபடம் 96 என்று பட்டியலில் வந்து நின்றது. வேர்ட் கோப்பில் ஒட்டியதால் வந்த வினை. ஆனால் இந்தக் கட்டளையையும் முழுசாக நம்ப முடியாது. முதல் பதிப்பின் பிடிஎஃப்-ஐக் கொடுத்துப் பார்த்தேன், பஞ்சுப் படத்துக்கு 300 என்று கூசாமல் சொன்னது. ஊதிப் பெருக்கிய படமா என்று அறிய, அதை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி மறுபடி பழைய அளவுக்குப் பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் அது ஊதியதுதான்.

புதுப் பதிப்பை ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாவது வரியில் வலப்பக்கச் சுழிப்பு எனக்குத் தெரிகிறது, ம என்று வரைந்திருக்கிறேன். அவர் லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "சுழிப்பு இல்ல தம்பி, கல்லு பொரிஞ்சிருக்கு, ப-தான்" என்றார். அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் ஏரிக்குப் போகிறோம்.